முதல் இரவுக்கு முன் ஒரு வெட்டு

நேயர்களுக்கு வணக்கம். திருப்பூர்ப் பக்கம் துணிக் கிடங்கு ஒன்றுக்குத் தரைத்தளம் போட்ட ஒரு நாளைப் பற்றிச் சொல்லி இந்த உரையைத் தொடங்குகிறேன். அது ஆடி மாதம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று சாக்குகளைத் தூக்கி எறிந்துகொண்டிருந்தது. காலை ஆறு மணிக்குக் கான்கிரீட் ஊற்றத் தொடங்கி, பிற்பகல் இரண்டு மணிக்கு மெஷினால் தேய்த்து முடித்தார்கள். விரிசல் கண்டபடி ஓடாமலிருக்கத் தளத்தில் கோடு வெட்டும் வேலையை மறுநாள் காலைக்கு ஒத்திவைத்தார்கள். ஒன்பது மணிக்கு ஆட்கள் வந்து கோடுகளைக் கச்சிதமாக வெட்டினார்கள். தூசியைக் கழுவிவிட்டுப் பார்த்தால், வெட்டிய கோட்டுக்கு அரை அடி தள்ளி, மயிரிழை போல ஒரு விரிசல் ஏற்கனவே குறுக்கே ஓடியிருந்தது. வெட்டு நேராக இருந்தது, ஆழமும் சரிதான். வேலை ஓர் இரவு தாமதமாக நடந்ததுதான் தவறு.

இரவுக்குள் என்ன நடந்தது? கான்கிரீட் இறுகும்போது சூடாகிறது. பகல் வெயிலும் அதோடு சேர்ந்துகொள்கிறது. பொழுது சாய்ந்ததும் மேற்பரப்பு குளிர்ந்து சுருங்கப் பார்க்கிறது. காற்று ஈரத்தை உறிஞ்சுவதால் இன்னும் கொஞ்சம் சுருங்குகிறது. ஆனால் அடியில் உள்ள மண்ணும் சரளையும் தளத்தை நகரவிடாமல் பிடித்துக்கொள்கின்றன. சில மணி நேரமே ஆன கான்கிரீட்டுக்கு இழுவையைத் தாங்கும் வலு மிகக் குறைவு. அதனால் தனக்கு வசதியான இடத்தில் அது பிளந்துகொள்கிறது. கன்ட்ரோல் ஜாயின்ட் என்று நாம் வெட்டும் கோட்டின் வேலை, அந்தப் பிளவுக்கு முன்கூட்டியே ஒரு வழி காட்டுவது. விரிசலை அது தடுப்பதில்லை. வெட்டின் அடியில் விரிசல் வரத்தான் செய்யும். கண்ணுக்குத் தெரியாத இடத்தில், நேர்கோட்டில் வரும்.

எத்தனை அடிக்கு ஒரு கோடு என்பது அடுத்த கேள்வி. தளத்தின் கனத்தை 24 முதல் 36 மடங்காக்கினால் வரும் தூரத்துக்குள் இருக்க வேண்டும் என்பது நடைமுறைக் கணக்கு. நம் வெயிலுக்கும் காற்றுக்கும் நான் 30 மடங்குக்கு மேல் போவதில்லை. 150 மில்லிமீட்டர் கனம் என்றால் நாலரை மீட்டர். கோடுகளுக்கு நடுவே வரும் கட்டத்தின் நீளம் அகலத்தைப் போல ஒன்றரை மடங்கைத் தாண்டக் கூடாது. சதுரத்துக்கு நெருங்க நெருங்க நல்லது. நீண்டு ஒல்லியான கட்டம் நடுவில் பிளக்கும்.

அந்தக் கிடங்கையே எடுத்துக்கொள்வோம். அகலம் 18 மீட்டர், நீளம் 36 மீட்டர், கனம் 150 மில்லிமீட்டர். நீளவாக்கில் சுவர்த் தூண்கள் ஆறு மீட்டருக்கு ஒன்று. தூணுக்குத் தூண் மட்டும் கோடு போட்டால் 40 மடங்கு ஆகிவிடுகிறது, அது அதிகம். ஆகவே நடுவிலும் ஒரு கோடு போட்டு மூன்று மீட்டராக்குகிறோம். அகலத்தை நாலரை மீட்டராக நான்காகப் பிரித்தால் கட்டத்தின் விகிதம் சரியாக ஒன்றரையில் போய் நிற்கிறது. அந்த விளிம்பில் நிற்க எனக்கு விருப்பமில்லை. ஐந்தாகப் பிரித்தேன், 3.6 மீட்டர் வந்தது. கோடுகள் தூண்களை நோக்கியே போக வேண்டும். தூணின் மூலையிலிருந்துதான் விரிசல் முதலில் புறப்படும். அதனால் தூணைச் சுற்றி ஒரு மென்மையான தடுப்பு அட்டை வைத்து, தளம் தூணைத் தொடாமல் பார்த்துக்கொள்ளவும் வேண்டும்.

இடைவெளி குறைவாக இருப்பதில் இன்னொரு பயனும் உண்டு. வெட்டின் அடியில் வரும் பிளவு சொரசொரப்பானது. ஒரு பக்கத்து ஜல்லி மறுபக்கத்துப் பள்ளத்தில் பொருந்தி நின்று, மேலே போகும் வண்டியின் பாரத்தை அடுத்த கட்டத்துக்குக் கடத்துகிறது. கான்கிரீட் காலப்போக்கில் மீட்டருக்குச் சுமார் அரை மில்லிமீட்டர் சுருங்குகிறது என்று வைத்தால், ஆறு மீட்டர் கட்டத்தில் பிளவு மூன்று மில்லிமீட்டர் வரை விரியும். அப்போது ஜல்லிகளின் பிடி விட்டுவிடும், விளிம்புகள் உடையத் தொடங்கும். மூன்று மீட்டர் கட்டத்தில் அந்த விரிவு பாதிதான்.

வெட்டின் ஆழம் கனத்தில் கால் பங்கு. 150க்கு 40 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். அதற்குக் குறைந்தால் விரிசல் அந்தக் கோட்டை மதிக்காது. கம்பி வலை அதற்கும் கீழே இருக்க வேண்டும். கோட்டைக் கடக்கும் கம்பிகளில் ஒன்றுவிட்டு ஒன்றை முன்பே வெட்டி வைத்துவிடுங்கள். கம்பி முழுதாக இருந்தால் பிளவை விரியவிடாமல் இழுத்துப் பிடிக்கும், தளம் வேறு இடத்தில் வெடிக்கும்.

இனி நேரம். இதைக் கடிகாரம் மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. தண்ணீர் விட்டு வெட்டும் வழக்கமான கட்டர் மெஷினுக்கு, தேய்த்து முடித்ததிலிருந்து வெயில் நாளில் சுமார் நான்கு மணி நேரம் கழித்துத் தொடங்கலாம். குளிர் நாளில் பன்னிரண்டு மணி வரை ஆகலாம். ஆனால் தளத்தைக் கேட்டே முடிவெடுக்க வேண்டும். முதலில் ஊற்றிய பகுதியில் ஓர் ஆணியால் கீறிப் பாருங்கள். ஆழமாக உழுதால் இன்னும் பச்சை. வெள்ளைக் கோடு மட்டும் விழுந்தால் ஒரு மீட்டர் நீளத்துக்குச் சோதனை வெட்டு போடுங்கள். ஜல்லி பிடுங்கிக்கொண்டு வந்து விளிம்பு பொடிந்தால் அரை மணி பொறுத்து மீண்டும் முயலுங்கள். விளிம்பு லேசாகச் சிராய்ந்தால் அதுதான் சரியான பொழுது. கருங்கல் ஜல்லி கடினமானது. அதை முற்றிலும் சுத்தமாக வெட்டும் வரை காத்திருந்தால் பொழுது தவறிவிடும்.

பிளேடு போய்க்கொண்டிருக்கும்போதே அதற்கு முன்னால் ஒரு விரிசல் ஓடினால் தாமதமாகிவிட்டது என்று பொருள். அந்தக் கோட்டை அங்கேயே நிறுத்திவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

ஒரு நாளைக்கு 18க்கு 18 மீட்டர் ஊற்றினால், இரு திசைக் கோடுகளையும் சேர்த்து வெட்ட வேண்டியது 162 மீட்டர். ஒரு மெஷின் நிமிடத்துக்கு ஒரு மீட்டர் போனாலும் கிட்டத்தட்ட இரண்டே முக்கால் மணி. நடுவில் பிளேடு தேய்ந்துவிட்டால்? ஆகவே இரண்டாவது மெஷினும், கூடுதல் பிளேடும், விளக்கும் கைவசம் இருக்க வேண்டும். ஊற்றிய வரிசையிலேயே வெட்டிக்கொண்டு போகவும். தளம் காயாமல் மூடியிருக்கும் நனைத்த சாக்கை வெட்டும் கோட்டுக்கு மட்டும் விலக்கி, வெட்டியவுடன் அந்தச் சேற்றைக் கழுவி, மறுபடி மூடிவிட வேண்டும். கிடங்கின் அடுத்த பாதியை ஊற்றிய நாளில் மாலை ஆறு மணிக்குத் தொடங்கி ஒன்பதுக்குள் முடித்தோம். அந்தப் பாதியில் கோடுகளுக்கு வெளியே விரிசல் வரவில்லை.

பழைய தளத்தின் மேல் ஸ்கிரீட் எனும் மெல்லிய சிமென்ட் மணல் அடுக்கை ஒட்டவைத்துப் போடும்போது வேறு கோடு தேடக் கூடாது. கீழே உள்ள கோடு எங்கே இருக்கிறதோ, நேர் மேலே அங்கேயே, ஸ்கிரீட்டின் முழுக் கனத்துக்கும் வெட்ட வேண்டும். அதனால் ஸ்கிரீட் போடுமுன்பே கீழ்க்கோடுகளின் இரு முனைகளையும் சுவரில் குறித்து வைத்துவிடுங்கள். தவறினால் கீழுள்ள அசைவு மேலே கோணல் விரிசலாக வரும், அதன் இரு பக்கமும் ஸ்கிரீட் கழன்றுகொள்ளும். ஒரு சிறு சுத்தியலால் தட்டினால் பானையைத் தட்டியது போல ஓசை வருவது அதற்கு அடையாளம். டைல்ஸ் பதிப்பவர்களும் அந்தக் கோட்டைத் தாண்டி ஒரே டைலை ஒட்டக் கூடாது.

வெட்டிய கோட்டை உடனே எபாக்ஸி ஊற்றி மூடிவிட வேண்டாம். சுருக்கத்தின் பெரும்பகுதி நடந்து முடிய இரண்டு மூன்று மாதமாவது விடுங்கள். அதுவரை தூசியை மட்டும் ஊதி எடுத்துக்கொண்டிருந்தால் போதும். நன்றி, வணக்கம்.