அருணாவுக்காக யார் பேசுவது?

கருணைக்கொலை சரியா தப்பா என்று கையைத் தூக்கச் சொல்லப் போவதில்லை, அதனால் நிம்மதியாக உட்காருங்கள். அருணா ஷான்பாக் வழக்கை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் செவிலியர். 1973 நவம்பரில் அங்கு வேலை செய்த ஒருவன் நாய்ச் சங்கிலியால் கழுத்தை இறுக்கித் தாக்கினான், மூளைக்கு ஆக்ஸிஜன் போகாமல் நின்றது. அப்போது அவருக்கு வயது 25. அதற்கப்புறம் கிட்டத்தட்ட 42 வருடங்கள் அதே மருத்துவமனையில் படுக்கையிலேயே கிடந்தார். அவருக்கு ஊட்டுவதை நிறுத்தச் சொல்லுங்கள் என்று பத்திரிகையாளர் பிங்கி விரானி உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்.

‘என் உயிர், என் முடிவு’ என்கிறது தன்னுரிமை வாதம். தெளிவாகப் பேசும் நோயாளி கேட்டால் அதை மறுப்பது கஷ்டம். ஆனால் அருணாவால் சொல்ல முடியாது. அப்படியானால் அவருக்காக யார் பேசுவது, அவரைப் பற்றிப் புத்தகம் எழுதிய பிங்கியா, தினமும் பார்த்துக்கொண்ட செவிலியர்களா? நீதிமன்றம் மருத்துவமனைப் பணியாளர்கள்தான் என்றது, அவர்களோ அவர் வாழட்டும் என்றார்கள். ஒருவரின் உரிமை இன்னொருவர் வாய் வழியாக வரும்போது அது எவ்வளவு தூரம் அவருடையது? நம்மூர் விருதுநகர்ப் பக்கம் முதியவர்களுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி இளநீர் கொடுத்துச் சாகவிடும் தலைக்கூத்தல் பழக்கத்தை நினைத்தால் இந்தக் கேள்வியின் கனம் புரியும்.

துன்பத்தை முடிப்பதே கருணை என்பது அடுத்த வாதம். வலி தாங்காமல் கதறும் புற்றுநோயாளி முன்னால் நின்றால் யாருக்கும் மனம் இளகும். நல்ல வலித்தணிப்புச் சிகிச்சை கிடைத்தால் சாவைக் கேட்பார்களா என்று எதிர்த்தரப்பு கேட்கும், அதிலும் நியாயம் உண்டு, ஆனால் எல்லா வேதனையும் மருந்துக்கு அடங்குவதில்லை. அருணா விஷயத்தில் அவர் துன்பப்படுகிறாரா என்பதே யாருக்கும் உறுதியாகத் தெரியவில்லை.

உயிர் புனிதம் என்பவர்கள் காட்டக்கூடிய சாட்சி அந்தச் செவிலியர்கள்தான். அத்தனை வருடம் படுத்திருந்தவருக்குப் படுக்கைப்புண் வராமல் பார்த்துக்கொண்டார்கள், மசித்த உணவை ஊட்டினார்கள். இங்கேதான் சிக்கல்: நிறுத்துவதற்கு வெண்டிலேட்டரே இல்லை. ஊட்டுவதும் சிகிச்சையா, அடிப்படைப் பராமரிப்பா? சிகிச்சை என்றால் நிறுத்துவது இயற்கைக்கு வழிவிடுவது, பராமரிப்பு என்றால் பட்டினி போடுவது. எனக்கு இதில் செவிலியர்கள் பக்கம் கொஞ்சம் சாய்வு உண்டு. ஆனால் பார்த்துக்கொள்பவரின் பாசம் படுத்திருப்பவரின் விருப்பத்துக்குச் சான்றாகிவிடுமா என்று நீங்கள் கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

2011-இல் மனு தள்ளுபடியானது. ஆனால் அதே தீர்ப்பு, உயர் நீதிமன்ற அனுமதியோடு உயிர்காக்கும் சிகிச்சையை நிறுத்தலாம் என்று வழி திறந்தது. ஊசி போட்டுக் கொல்வது இன்றும் குற்றம். அருணா 2015-இல் நிமோனியாவில் இறந்தார். 2018-இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு, எனக்கு இப்படி ஆனால் சிகிச்சை வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கும் உயிலை ஏற்றது. 2023-இல் நடைமுறையை எளிதாக்கினார்கள், இரண்டு மருத்துவக் குழுக்கள் பார்த்துச் சொல்ல வேண்டும்.

சரி, 25 வயதில் யார் அப்படி ஒரு உயிலை எழுதி வைத்திருப்பார்கள்? இனி நீங்கள் பேசுங்கள்.