'போல' என்ற ஒரு சொல்
(மதுரையில் ஓட்டுநர்களும் அவர்களது குடும்பத்தாரும் கூடிய அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத் தலைவர் அவர்களே, தன் பேத்தியின் காதணி விழாவைப் பாதியில் விட்டுவிட்டு இங்கே வந்திருக்கும் முன்னாள் தலைமை ஆசிரியர் ஐயா அவர்களே, எனக்குப் போர்த்திய பொன்னாடையைத் தன் கையாலேயே மடித்துத் தந்த சங்கச் செயலாளர் அவர்களே, மாட்டுத்தாவணியில் இருந்தும் ஆரப்பாளையத்தில் இருந்தும் பணி முடித்துச் சீருடையோடு வந்து அமர்ந்திருக்கும் தம்பிமார்களே, பின் வரிசையில் தூங்கும் குழந்தையை மடியில் வைத்திருக்கும் சகோதரிகளே, அனைவருக்கும் என் வணக்கம். மேலூரிலிருந்து ஒலிபெருக்கி கொண்டுவந்து கட்டித் தந்த அன்பருக்குத் தனி நன்றி. அவர் பெயரை அழைப்பிதழில் விட்டுவிட்டார்கள். அதைச் சொல்லாமல் தொடங்க எனக்கு மனம் வரவில்லை.

இன்று மூன்று செய்திகள் சொல்ல வந்திருக்கிறேன். தன்னிலிருந்து தான் விலகிப்போனதுபோன்ற உணர்வு எப்படி இருக்கும், அது ஏன் வருகிறது, குழந்தைகளிடம் அது எப்படி வெளிப்படும் என்பவை அந்த மூன்று.

என் தாயார் அடிக்கடி சொல்வார்: "தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன." வைகையில் தண்ணீர் வந்த காலத்தைக் கண்டவர் அவர். மனநல மருத்துவனாக முப்பது ஆண்டுகளுக்கு மேல் உட்கார்ந்து கேட்ட பிறகுதான் அந்தச் சொல் உடலைப் பற்றியதும் கூட என்று எனக்குப் புரிந்தது. அதைப் புரியவைத்தவர் ஒரு ஓட்டுநர். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சொல்கிறேன்.

இரவுப் பேருந்து. கொட்டாம்பட்டியைத் தாண்டி, விடிய இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. குறுக்குச் சாலையிலிருந்து ஒரு மோட்டார் சைக்கிள் விளக்கில்லாமல் ஏறிவிட்டது. தம்பி பிரேக்கை மிதித்தார். அந்த நொடியில் சத்தம் நின்றுபோனது என்றார். டயர் கிறீச்சிட்டதும் பயணிகள் அலறியதும் பிறகு மற்றவர்கள் சொல்லித்தான் அவருக்குத் தெரியும். "ஸ்டீயரிங்கில் இரண்டு கைகள் தெரிந்தன, ஐயா. யாரோ நன்றாக ஓட்டுகிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்" என்றார். விழுந்தவருக்குக் கால் முறிந்தது, உயிர் தப்பியது. தம்பி இறங்கி 108-ஐ அழைத்தார், பயணிகளை வேறு வண்டியில் ஏற்றினார், காவல் நிலையத்தில் கையெழுத்திட்டார், ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. கல் நெஞ்சுக்காரன் என்றார்கள்.

மாட்டுத்தாவணிக்கு வந்து தேநீர் வாங்கினார். டம்ளர் சுடுகிறது என்பது தெரிந்தது, ஆனால் அந்தச் சூடு தனக்கு நேரவில்லை என்று தோன்றியது. வீட்டில் கண்ணாடியைப் பார்த்தார். முகம் அவருடையதுதான், அடையாள அட்டைப் புகைப்படத்தைப் பார்ப்பதுபோல இருந்தது. மனைவி பேசிய குரல் அடுத்த தெருவிலிருந்து வந்தது. வாகன உரிமையாளர் மூன்றாம் நாள் பணிக்கு அழைத்தார். முன்கண்ணாடிக்கு அப்பால் சாலை திரையில் ஓடும் படமாகத் தெரிந்தது. எதிரே வந்த லாரிகள் அட்டையில் வெட்டி ஒட்டியவைபோலத் தட்டையாக இருந்தன. திருமங்கலம் வரை ஓட்டிவிட்டு, வண்டியை ஓரம் கட்டி, சாவியை நடத்துநரிடம் கொடுத்துவிட்டார். அந்தச் சாவியைக் கொடுத்ததற்கு நான் அவரை இன்றும் கும்பிடுவேன்.

வீட்டார் கோயிலுக்கு அழைத்துச் சென்று கயிறு கட்டினார்கள். அதில் எனக்குச் சண்டை இல்லை. அடுத்து யாரோ 'புத்தி பேதலித்துவிட்டது' என்றார்கள். அங்கேதான் நான் குறுக்கிடுகிறேன். அவர் என்னிடம் பேசிய அரை மணி நேரத்தில் 'போல' என்ற சொல் எத்தனை முறை வந்தது என்று எண்ணிக்கொண்டே இருந்தேன். கை என்னுடையது இல்லை போல, உலகம் படம் போல. 'என் கையை வேறொருவன் ஆட்டுகிறான்' என்று உறுதியாக நம்புகிறவருக்கு வேறு நோய், வேறு மருத்துவம். 'போல' என்கிறவருக்கு உண்மை எது, தோற்றம் எது என்ற அறிவு முழுதாக இருக்கிறது. அந்த அறிவு இருப்பதால்தான் அவர் இவ்வளவு பயப்படுகிறார். தன்னிடமிருந்து விலகியதாகத் தோன்றினால் டீபெர்சனலைசேஷன், உலகம் விலகியதாகத் தோன்றினால் டீரியலைசேஷன். இரண்டும், மனம் தன் அனுபவத்திலிருந்து துண்டித்துக்கொள்ளும் டிஸோசியேஷன் என்ற பெரிய குடும்பத்தைச் சேர்ந்தவை, பெரும்பாலும் சேர்ந்தே வரும்.

இது புதிதும் இல்லை. ஆல்பர்ட் ஹைம் என்ற சுவிட்சர்லாந்து நிலவியல் அறிஞர் தாமே மலையிலிருந்து விழுந்து பிழைத்தவர். அப்படி விழுந்து பிழைத்த பலரிடமும் கேட்டு 1892-இல் எழுதினார். விழும்போது வலியும் திகிலும் இல்லை, காலம் நீண்டது, மனம் தெளிவாக இருந்தது என்று பலர் சொன்னார்கள். நம் தம்பி கொட்டாம்பட்டியில் கண்டதும் அதுவே.

ஏன் இப்படி? ஆபத்து வந்தால் மூளையின் உள்ளே அமிக்டலா என்ற பகுதி மணி அடிக்கிறது, நெஞ்சு படபடக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது. ஓடவோ எதிர்க்கவோ அந்த வேகம் உதவும். ஓடவும் முடியாது, எதிர்க்கவும் முடியாது என்றால்? நெற்றிக்குப் பின்னுள்ள முன்மூளை அந்த மணியை அழுத்திப் பிடிக்கிறது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இந்த நிலை நீடிப்பவர்களுக்குக் கொடிய காட்சிகளைக் காட்டித் தோலின் வியர்வையை அளந்தபோது அது மற்றவர்களைவிடக் குறைவாகவே எழுந்தது. தலைக்கு மேல் வெள்ளம் போய்விட்டது, இனிச் சாணையும் முழத்தையும் அளந்து பயனில்லை என்று உடலே முடிவெடுக்கிறது. ஆனால் திகிலை மட்டும் தனியாக அணைக்க அதற்குத் தெரியவில்லை. தேநீரின் சூடும் மனைவியின் குரலும் சேர்ந்தே மங்கிப்போகின்றன.

பலருக்கு இது சில நிமிடங்களிலோ நாட்களிலோ தானே விலகும். விலகாமல் ஒட்டிக்கொள்வது பெரும்பாலும் பிறகு நாம் செய்வதால்தான். 'போய்விட்டதா?' என்று தம்பி ஒரு நாளில் இருபது முறை கண்ணாடி பார்த்தார். நலமாக இருப்பவரே மங்கிய வெளிச்சத்தில் தன் முகத்தைச் சில நிமிடம் உற்றுப் பார்த்தால் அது அந்நியமாகும். பார்க்கப் பார்க்கப் பயம், பயத்தில் மூச்சு வாங்கல். வேகமாக மூச்சு வாங்கினால் இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய்கள் சுருங்கி, தலை லேசாகி, உலகம் இன்னும் விலகும். தூக்கமின்மையும் கஞ்சாவும் இதை மோசமாக்கும்.

ஆகவே முதலில் கண்ணாடியைத் துணியால் மூடச் சொன்னேன். விலகல் வரும்போது அதை ஆராயாமல் வெறுங்காலைச் சிமெண்டுத் தரையில் அழுத்தி, எதிரே உள்ளவற்றைப் பெயர் சொல்லி, செய்துகொண்டிருந்த வேலையைத் தொடரச் சொன்னேன். தூக்கத்தைச் சீர்செய்தோம். இதற்கென்றே ஏற்பட்ட மாத்திரை எதுவும் இல்லை, கூட வரும் பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் மருந்து உண்டு. பிறகு நின்ற வண்டியின் இருக்கையில் வெறுமனே உட்கார வைத்தோம், அடுத்து இன்ஜினை இயக்கிவிட்டு உட்கார்ந்தார், அடுத்து ஒரு நண்பர் அருகில் இருக்கச் சுற்றுச்சாலையில் ஓட்டினார். ஐந்தாம் வாரம் மகளுக்குத் தலை சீவும்போது எண்ணெய் வாசனை 'எனக்கே வந்தது' என்றார். 'போல' இல்லாமல் சொன்னார்.

ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். தலையில் அடிபட்ட பிறகு வந்தாலோ, நினைவு தப்பினாலோ, இல்லாத வாசனையோடு சில நொடிகள் ஒரே மாதிரி வந்து வந்து போனாலோ, நாற்பது வயதுக்கு மேல் முதன்முறையாக வந்தாலோ, அது வலிப்போ வேறு மூளைக் கோளாறோ என்று மருத்துவர் பார்க்க வேண்டும்.

குழந்தைகளைப் பற்றிப் பேச நேரமில்லை, செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். நான் எதற்காக இந்த மேடை ஏறினேனோ அதைச் சொல்லிவிடுகிறேன். விபத்து நடந்தால் வண்டியைப் பட்டறைக்கு அனுப்பி, பிரேக்கைச் சோதித்து, அதன் பிறகே சாலையில் விடுகிறோம். ஓட்டியவரை மூன்றாம் நாள் ஏற்றிவிடுகிறோம். அழாமல் இருக்கிறார், நலமாக இருக்கிறார் என்று எண்ணுகிறோம். தலைக்கு மேல் வெள்ளம் போனவருக்குக் கண்ணீர் வராது, ஐயா! ஆட்கள் காயப்பட்ட எந்த விபத்துக்குப் பிறகும், தவறு யாருடையதாக இருந்தாலும், ஓட்டுநருக்கு ஏழு நாள் ஊதியத்தோடு விடுப்பு வேண்டும். மீண்டும் ஸ்டீயரிங்கைத் தொடும் முன் ஒரு முறை மனநலப் பரிசோதனை வேண்டும். அரசு இராசாசி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. நள்ளிரவிலும் 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் என்ற அரசின் மனநலத் தொலைபேசிச் சேவையைக் கட்டணமின்றி அழைக்கலாம். அரசுப் பேருந்து, தனியார் பேருந்து, லாரி, பள்ளி வேன் எல்லாருக்கும் இது பொருந்த வேண்டும்.

கோரிக்கை மனு வாசலருகே மேசையில் இருக்கிறது. கையெழுத்தோடு எத்தனை ஆண்டு ஓட்டியிருக்கிறீர்கள் என்பதையும் எழுதுங்கள். சாவியைக் கொடுத்த அந்தத் தம்பியும் வந்திருக்கிறார், முதல் கையெழுத்து அவருடையது.