கிர்ணிப்பழச் சூரியன்: சூரியக் குடும்பத்தில் பத்துக் கேள்விகள்

(காட்சி: பள்ளி மைதானத்தின் ஓரத்தில் ஒரு ஸ்டூல். அதன்மேல் ஒரு கிர்ணிப்பழம். பக்கத்தில் அஞ்சறைப்பெட்டி.)

வணக்கம் பிள்ளைகளே! ஆந்திராவில், குப்பம் ஊருக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றின் பள்ளி மைதானத்தில் நிற்கிறோம். இங்கே பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுவார்கள், வகுப்பில் தெலுங்கில் படிப்பார்கள். வீட்டில் வெள்ளி, பாடத்தில் சுக்ருடு. இன்றைக்குத் தமிழிலேயே கேள்வி கேட்கிறேன். கேள்வி முடிந்ததும் வீடியோவை நிறுத்தி, நீங்கள் பதில் சொன்ன பிறகு ஓட விடுங்கள்.

முதல் கேள்வி. சூரியன் ஒரு கோளா, நட்சத்திரமா?

நட்சத்திரம். தானே ஒளி விடுகிறது. கோள்கள் அந்த ஒளியை வாங்கித் திருப்பி அனுப்புகின்றன, அவ்வளவுதான்.

இரண்டாவது. கோள்கள் எத்தனை?

எட்டு. புதன், வெள்ளி, பூமி, செவ்வாய், வியாழன், சனி, யுரேனஸ், நெப்டியூன். ஒன்பது என்று தாத்தா சொன்னால் அவர் படித்த காலத்தில் அது சரி. 2006-இல்தான் புளூட்டோவைக் குறுங்கோள் என்று தனியாகப் பிரித்தார்கள்.

மூன்றாவது கேள்விக்குக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். இந்தக் கிர்ணிப்பழம்தான் சூரியன் என்றால், பூமி எவ்வளவு பெரிது? அதை எங்கே வைக்க வேண்டும்?

(காட்சி: பழத்தின் குறுக்கே அளவுகோல்.)

பழத்தின் குறுக்களவு 14 சென்டிமீட்டர். உண்மையான சூரியனின் குறுக்களவு சுமார் 14 லட்சம் கிலோமீட்டர். அப்படியென்றால் இந்த மைதானத்தில் ஒரு சென்டிமீட்டர் என்பது ஒரு லட்சம் கிலோமீட்டர். பூமியின் குறுக்களவு சுமார் 12,700 கிலோமீட்டர். நம் கணக்கில் ஒரு மில்லிமீட்டரும் கொஞ்சமும். அஞ்சறைப்பெட்டியைத் திறந்தால் பூமி கிடைத்துவிடும். கடுகு!

அந்தக் கடுகை எங்கே வைப்பது? எங்கள் வகுப்புப் பிள்ளைகள் பழத்தை ஒட்டியே வைத்தார்கள். பாடப்புத்தகப் படத்தில் அப்படித்தான் இருக்கிறது. ஒரே பக்கத்தில் எல்லாவற்றையும் அடக்க வேண்டும் என்பதால் படத்தில் தூரத்தைச் சுருக்கிவிடுகிறார்கள். உண்மையில் சூரியனுக்கும் பூமிக்கும் நடுவே சுமார் 15 கோடி கிலோமீட்டர். அதாவது இங்கே 15 மீட்டர். டேப்பைப் பிடித்து நடங்கள்… கொடிக்கம்பம் வரை வந்துவிட்டோம். இங்கே நின்று திரும்பிப் பாருங்கள். அங்கே பழம், இங்கே கடுகு. நடுவில் இருப்பவை புதனும் வெள்ளியும் மட்டும்தான். புதன் ஒரு ரவைக் குருணை, பழத்திலிருந்து ஆறு மீட்டருக்குச் சற்றுக் குறைவு. வெள்ளி இன்னொரு கடுகு, 11 மீட்டர்.

செய்து பார்ப்பவர்களுக்கு ஒரு விஷயம். ரவையைத் தரையில் வைக்காதீர்கள். எங்கள் புதன் முதல் காற்றிலேயே பறந்துவிட்டது. கறுப்புக் காகிதத்தில் ஒரு சொட்டுக் கோந்து வைத்து, அதில் ஒட்டுங்கள்.

நான்காவது. சூரியனிலிருந்து கிளம்பும் ஒளி பூமிக்கு வர எவ்வளவு நேரம் ஆகும்?

ஒளி ஒரு நொடியில் 3 லட்சம் கிலோமீட்டர் போகும். நம் மைதானத்தில் அது நொடிக்கு 3 சென்டிமீட்டர். ஒரு கட்டெறும்பு நடக்கிற வேகம்! அந்த எறும்பு பழத்திலிருந்து கிளம்பி 15 மீட்டர் நடந்து கடுகைத் தொட வேண்டும். 1,500 சென்டிமீட்டரை 3-ஆல் வகுத்தால் 500 நொடி. எட்டு நிமிடம் 20 நொடி. இப்போது உங்கள் கையில் படும் வெயில் எட்டு நிமிடத்துக்கு முன்பே அங்கிருந்து கிளம்பியது.

ஐந்தாவது. நிலாவை எங்கே வைப்பது?

நிலா தூள் உப்பில் ஒரே ஒரு மணி. பூமிக் கடுகிலிருந்து கிட்டத்தட்ட 4 சென்டிமீட்டர், அதாவது இரண்டு விரல் அகலம். மனிதர்கள் நேரில் போனது இந்த இரண்டு விரல் தூரத்துக்குத்தான். நம் ஆந்திராவின் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2023 ஜூலை 14 அன்று கிளம்பிய சந்திரயான்-3, ஆகஸ்ட் 23 அன்று நிலாவில் இறங்கியது. இந்த இரண்டு விரலைக் கடக்க 40 நாள்.

ஆறாவது. மிகவும் சூடான கோள் எது?

புதன் என்று பாதிப் பேராவது சொல்லியிருப்பீர்கள், சூரியனுக்குப் பக்கத்தில் இருக்கிறதே என்று. பதில் வெள்ளி. அதைச் சுற்றிக் கனமான கரியமில வாயு கம்பளி போலப் போர்த்தியிருக்கிறது. உள்ளே வந்த வெப்பம் எளிதில் வெளியே போகாது. தரையில் 460 டிகிரிக்கும் மேல், ஈயம் உருகிவிடும். புதனுக்குப் போர்வையே இல்லை, அதனால் இரவில் கடுங்குளிர்.

ஏழாவது. சித்திரையில் இப்படிக் கொளுத்துகிறதே, அப்போது பூமி சூரியனுக்குப் பக்கத்தில் போகிறதா?

இல்லை. பூமி மிகப் பக்கத்தில் வருவது ஜனவரி முதல் வாரத்தில், மார்கழிக் குளிரில்! அப்போது கடுகு 14.7 மீட்டரில் இருக்கும், ஜூலையில் 15.2 மீட்டரில். அரை மீட்டர்தான் வித்தியாசம். வெயிலுக்குக் காரணம் பூமியின் சாய்வு. நம் பக்கம் சூரியனை நோக்கிச் சாயும் மாதங்களில் வெயில் நேர் மேலிருந்து விழுகிறது. ஏப்ரல் 24-ஐ ஒட்டி, பகல் 12 மணி 15 நிமிடம் வாக்கில், குப்பம் பக்கம் ஒரு குச்சியை நேராக நட்டுப் பாருங்கள். நிழலே இருக்காது. குச்சியைப் பாருங்கள், சூரியனைப் பார்க்கக் கூடாது.

எட்டாவது. மிகப் பெரிய கோள் எது?

வியாழன். ஒரு கோலிக்குண்டு. ஆனால் அதை மைதானத்துக்குள் வைக்க முடியாது. 78 மீட்டர் என்பதால் கேட்டைத் தாண்டி மாந்தோப்பு வேலிக்குப் போக வேண்டும்.

ஒன்பதாவது. வளையம் உள்ள கோள்கள் எவை?

சனி மட்டும் என்றால் கால் மதிப்பெண். வியாழன், சனி, யுரேனஸ், நெப்டியூன் நான்குக்கும் உண்டு. யுரேனஸின் கதையில் நம் பக்கத்து மலைக்கும் பங்கு இருக்கிறது. எல்லைக்கு அந்தப் பக்கம், ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகம் இருக்கிறது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைத்துக்கொண்டு போகும் என்று கணக்கிட்டு, அங்கே தொலைநோக்கியோடு காத்திருந்தார்கள். யுரேனஸ் மறைப்பதற்கு முன்பே நட்சத்திரத்தின் ஒளி மங்கியது, அப்புறம் தெளிந்தது. உலகின் வேறு இடங்களிலும் அன்று இப்படிப் பதிவாயிற்று. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தபோதுதான் யுரேனஸைச் சுற்றி மெல்லிய வளையங்கள் இருப்பது தெரிந்தது. யாரும் வளையத்தைக் கண்ணால் பார்க்கவில்லை, ஒளி மங்கியதை வைத்தே கண்டுபிடித்தார்கள். எனக்கு இந்தப் பத்தில் மிகவும் பிடித்த கேள்வி இதுதான்.

(காட்சி: சாலை. ஷேர் ஆட்டோ நிற்கும் வேப்பமரம்.)

450 மீட்டர் நடந்து வந்துவிட்டோம். கையில் இருக்கும் மிளகுதான் நெப்டியூன், கடைசிக் கோள். பள்ளி ஸ்டூலில் இருக்கும் பழம் இங்கிருந்து கண்ணுக்கே தெரியவில்லை. நம் எறும்பு இங்கே வந்து சேர நான்கு மணி நேரத்துக்கும் மேல் ஆகும்.

பத்தாவது கேள்வி. சூரியனுக்கு மிக அருகில் உள்ள அடுத்த நட்சத்திரம் பிராக்சிமா சென்டாரி. நம் கணக்கில் அது ஒரு நெல்லிக்காய். அதை எங்கே வைப்பது?

அடுத்த ஊரிலா? திருப்பதியிலா? டெல்லியிலா? 4,000 கிலோமீட்டருக்கு அப்பால்! இந்தியாவின் தெற்கு முனையிலிருந்து வடக்கு முனைவரை அளந்தாலே சுமார் 3,200 கிலோமீட்டர்தான். அந்த நெல்லிக்காயிலிருந்து இன்று கிளம்பும் எறும்பு, ஒரு நொடிகூட நிற்காமல் நடந்தாலும், நம் கொடிக்கம்பத்துக் கடுகைத் தொட நான்கேகால் ஆண்டு ஆகும். மூன்றாம் வகுப்பில் இருப்பவர்கள் அதற்குள் ஏழாம் வகுப்புக்குப் போயிருப்பீர்கள்.