கேக் விலைப்பட்டியல்: விரலால் பெரிதாக்காமல் படிக்கிற மாதிரி

[திரையில்: வாட்ஸ்அப்பில் வந்த விலைப்பட்டியலை ஒருவர் விரலால் பெரிதாக்கி, இடமும் வலமும் நகர்த்திப் பார்க்கிறார்.]

பெரம்பூரில் வீட்டிலேயே கேக் செய்து விற்கும் ஒரு அக்கா போட்ட பட்டியல் இது. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அனுப்பிய உடனே, "அக்கா, பிளாக் ஃபாரஸ்ட் அரை கிலோ எவ்வளவு?" என்று பதில் வருகிறது. விலை உள்ளேயே இருக்கிறது, படிக்கத்தான் முடியவில்லை.

காரணம் ஏ4 தாள். அதன் அகலம் 21 செ.மீ. போன் திரையோ சுமார் 7 செ.மீ. எல்லாமே மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கும். 12 பாயிண்டில் அடித்த எழுத்து 4 பாயிண்ட் ஆகிவிடும். மாத்திரை அட்டையின் பின்பக்கத்தைப் படிக்கிற கதைதான்.

[திரையில்: கேன்வா, Custom size பெட்டி.]

அதனால் கேன்வாவைத் திறந்ததும் Custom size போய் 1080 x 1920 px கொடுங்கள். போனை நிமிர்த்திப் பிடித்தால் எப்படியோ, பக்கமும் அப்படி. கேக் பெயருக்கும் விலைக்கும் எழுத்தின் அளவு 40க்குக் கீழே போக வேண்டாம். அந்த அளவில் ஒரு பக்கத்தில் ஏழெட்டு கேக்குக்கு மேல் போட்டால் நெரிசலாகிவிடும். பரவாயில்லை, இன்னொரு பக்கம் சேர்க்கலாம்.

அக்காவின் பட்டியலில் நான்கு விலைப் பத்திகள்: முட்டை சேர்த்தது அரை கிலோ, ஒரு கிலோ, முட்டை இல்லாதது அரை கிலோ, ஒரு கிலோ. இரண்டை எடுத்துவிட்டோம். "முட்டை இல்லாமல் வேண்டுமென்றால் அரை கிலோவுக்கு 50 ரூபாய் கூடுதல்" என்று கீழே ஒரே வரி. மிச்சமான இடத்தில் எழுத்து பெரிதானது.

முதல் பக்கத்தின் மேல்பகுதியில் பெயரும் ஒரு நல்ல கேக் படமும் வையுங்கள். சாட்டில் திறக்கும் முன்பே தெரிவது அந்தப் பகுதிதான். பூ வேலைப்பாடெல்லாம் அங்கே வேண்டாம் என்பது என் கருத்து.

ஆர்டர் பட்டனுக்கு இந்த இணைப்பைக் கொடுங்கள். X இருக்கும் இடத்தில் உங்கள் எண். முன்னால் பிளஸ் குறியோ பூஜ்யமோ, நடுவில் இடைவெளியோ கூடாது.

```
https://wa.me/91XXXXXXXXXX
```

[திரையில்: Download, PDF Standard.]

இறக்கும்போது PDF Standard போதும், PDF Print கோப்பைப் பெரிதாக்கிவிடும். வாட்ஸ்அப்பில் Document வழியாக அனுப்புங்கள். படமாக அனுப்பினால் அழுத்திச் சுருக்கும், சின்ன எழுத்து மங்கும், பட்டனும் வேலை செய்யாது. அனுப்பும் முன் உங்கள் எண்ணுக்கே அனுப்பி, பட்டனை ஒரு முறை தட்டிப் பாருங்கள்.

அப்புறம் தேதி. போன கிறிஸ்துமஸுக்கு யாரோ பழைய பட்டியலை ஃபார்வர்டு செய்ய, ராயபுரத்திலிருந்து ஒருவர் பழைய விலைக்கே பிளம் கேக் கேட்டார். அக்கா மறுக்க மனமில்லாமல் கொடுத்தார். இப்போது "இந்த விலை டிசம்பர் 31 வரை" என்ற வரி எல்லாப் பக்கத்தின் அடியிலும் இருக்கிறது, கோப்பின் பெயரிலும் மாதம் இருக்கிறது.