சூத்திரத்தோடு களத்தையும் படிப்போம்: இரு மாறிகளின் சாராமை

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

f(x, y) = 8xy என்று பலகையில் எழுதி, இது X, Y என்னும் இரண்டு தொடர் சமவாய்ப்பு மாறிகளின் கூட்டு அடர்த்தி என்றும், 0 < y < x < 1 என்ற பகுதியில் மட்டும் இது பொருந்தும் என்றும், பிற இடங்களில் அடர்த்தி சூனியம் என்றும் சொல்லிவிட்டு, "இவ்விரு மாறிகளும் ஒன்றையொன்று சாராதவையா?" என்று நான் வகுப்பில் கேட்பதுண்டு. பெரும்பாலும் தயக்கமே இல்லாமல் ஒரு விடை வரும்: "8xy என்பதை x மட்டும் உள்ள காரணி, y மட்டும் உள்ள காரணி என்று பிரித்துவிடலாம், ஆகவே அவை சாராதவை." விடை தவறு. ஆனால் அதை அலட்சியமான தவறு என்று தள்ளிவிட எனக்கு மனம் வருவதில்லை. பாடநூலில் உள்ள விதியைத்தான் அந்த மாணவர் பயன்படுத்துகிறார். விதியில் ஒரு பாதியை மட்டும் பயன்படுத்துகிறார் என்பதுதான் சிக்கல்.

கூட்டு அடர்த்தியைத் தளத்தின்மேல் விரிக்கப்பட்ட ஒரு கூரையாக எண்ணிக் கொள்ளுங்கள். தளத்தில் ஒரு பகுதியைக் குறித்தால், அதற்கு மேலும் கூரைக்குக் கீழும் அடங்கும் கன அளவுதான் (X, Y) அந்தப் பகுதியில் விழுவதற்கான நிகழ்தகவு. கூரையின் உயரம் நிகழ்தகவு அன்று. அதனால் அது 1-ஐத் தாண்டலாம். நம் எடுத்துக்காட்டில் (1, 1) என்ற மூலையை நெருங்கும்போது உயரம் 8-ஐ நெருங்குகிறது. மொத்தக் கன அளவு 1 ஆக இருக்க வேண்டும் என்பதே நிபந்தனை. y-ஐ 0 முதல் x வரை தொகையிட்டால் 4x³ கிடைக்கும்; அதை 0 முதல் 1 வரை தொகையிட்டால் 1 கிடைக்கும். கூரை சரியாகவே போடப்பட்டிருக்கிறது.

இங்கே கவனிக்க வேண்டியது, கூரை எந்தத் தரைக்கு மேல் நிற்கிறது என்பது. y < x என்ற நிபந்தனையைச் சூத்திரத்துக்குப் பக்கத்தில் எழுதப்பட்ட சிறு குறிப்பாகக் கருதக் கூடாது. அது சூத்திரத்தின் உறுப்பு. உண்மையில் முழு அடர்த்தி என்பது 8xy-ஐ, "y < x எனில் 1, இல்லையெனில் 0" என்ற இன்னொரு சார்பால் பெருக்கியது. அந்த இரண்டாவது சார்பில் x-உம் y-உம் பின்னிக் கிடக்கின்றன. அதை எந்த முயற்சியாலும் இரண்டாகப் பிரிக்க முடியாது. அடர்த்தி சூனியமாகாத இந்தப் பகுதியை இனி களம் என்றே சொல்கிறேன்.

விளிம்பு அடர்த்திகளைக் காணும்போது இது இன்னும் தெளிவாகும். X-இன் விளிம்பு அடர்த்தி வேண்டுமானால், x-ஐ ஓரிடத்தில் நிறுத்திவிட்டு, அதற்கு நேராக உள்ள எல்லா y மதிப்புகளின் மேலும் தொகையிட வேண்டும். x நின்றுவிட்டால் y எங்கிருந்து எங்கே ஓடலாம்? 0 முதல் x வரை மட்டுமே. ஆகவே f_X(x) = 4x³, 0 < x < 1. அதேபோல் y-ஐ நிறுத்தினால் x ஓடுவது y முதல் 1 வரை; f_Y(y) = 4y(1 − y²), 0 < y < 1. இந்த எல்லைகளைக் கவனிக்காமல் y-ஐ 0 முதல் 1 வரை ஓடவிட்டால் 4x என்ற விடை வரும். அது பார்ப்பதற்கு ஒழுங்காகவே இருக்கும். ஆனால் அதை 0 முதல் 1 வரை தொகையிட்டுப் பாருங்கள்: 2 வருகிறது. மொத்த நிகழ்தகவு 2 ஆக முடியாது. விளிம்பு அடர்த்தியைக் கண்டவுடன் அதைத் தனியாகத் தொகையிட்டு 1 வருகிறதா என்று பார்ப்பது அரை நிமிட வேலை; தவறான எல்லைகளில் பெரும்பாலானவற்றை அது அங்கேயே காட்டிக் கொடுத்துவிடும். களத்தை ஒரு படமாக வரைந்து, நிறுத்திய மதிப்பில் ஒரு நேர்கோடு போட்டு, அது களத்துக்குள் எங்கே நுழைந்து எங்கே வெளியேறுகிறது என்று பார்க்காமல் எல்லைகளை எழுத வேண்டாம் என்பதே என் பழக்கமும் வேண்டுகோளும்.

இப்போது சாராமைக்கு வருவோம். X, Y சாராதவை என்றால், கூட்டு அடர்த்தி இரண்டு விளிம்பு அடர்த்திகளின் பெருக்கற்பலனுக்கு எங்கும் சமமாக இருக்க வேண்டும். (0.3, 0.6) என்ற புள்ளியை எடுங்கள். f_X(0.3) = 0.108, f_Y(0.6) = 1.536, பெருக்கற்பலன் ஏறத்தாழ 0.166. ஆனால் அந்தப் புள்ளியில் y, x-ஐ விடப் பெரியது; அது களத்துக்கு வெளியே இருக்கிறது; கூட்டு அடர்த்தி அங்கே 0. அந்தப் புள்ளியைச் சுற்றியுள்ள சிறு வட்டம் முழுவதிலும் இதே நிலைதான். இந்தச் சிறு வட்டம் முக்கியமானது, ஏனெனில் தனி ஒரு புள்ளியில் அடர்த்தியை மாற்றி எழுதினாலும் எந்த நிகழ்தகவும் மாறுவதில்லை. பரப்புள்ள ஓர் இடத்தில் சமன்பாடு முறிந்தால்தான் அது சாட்சி ஆகும். இங்கே முறிந்துவிட்டது, மாறிகள் சார்ந்தவை. கணக்கே போடாமலும் இதை உணரலாம்: X-இன் மதிப்பு 0.3 என்று யாரேனும் சொல்லிவிட்டால், Y 0.3-க்குக் கீழேதான் இருக்க முடியும் என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது. ஒன்றைப் பற்றிய செய்தி மற்றொன்றின் எல்லையையே மாற்றுகிறது. அதே xy வடிவத்தை முழுச் சதுரத்தின் மேல், 4xy என்று எழுதியிருந்தால், மாணவர் சொன்ன விடை முற்றிலும் சரியாக இருந்திருக்கும்.

இந்த முக்கோணத்தில் உடன்மாறுபாட்டைக் கணக்கிட்டால் E(X) = 4/5, E(Y) = 8/15, E(XY) = 4/9. எனவே Cov(X, Y) = 4/9 − 32/75 = 4/225. பரவற்படிகள் 6/225, 11/225 என்பதால் ஒட்டுறவுக்கெழு 4/√66, அதாவது ஏறக்குறைய 0.49. உடன்மாறுபாடு சூனியமன்று, சாராமை இல்லை என்பதை அதுவும் உறுதிப்படுத்துகிறது. ஆனால் இந்த எண்ணை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதுதான் நான் இன்று நின்று பேச விரும்பும் இடம்.

D(x, y) = f(x, y) − f_X(x) f_Y(y) என்று ஒரு வேறுபாட்டுச் சார்பை எழுதிக் கொள்ளுங்கள். சாராமை என்பது D எங்கும் சூனியமாக இருப்பது. உடன்மாறுபாடு என்பது, D-ஐ xy-ஆல் பெருக்கித் தளம் முழுவதும் தொகையிட்டால் வரும் ஒற்றை எண். E(XY)-இலிருந்து E(X)E(Y)-ஐக் கழிப்பதை இரட்டைத் தொகையீடாக எழுதிப் பார்த்தால் இது உடனே விளங்கும். D எங்கும் சூனியமானால் அந்த எண்ணும் சூனியம்தான். ஆனால் அந்த எண் சூனியம் என்பதால் D சூனியமாகிவிடாது. மேடுகளும் பள்ளங்களும் ஒன்றையொன்று அழித்திருக்கலாம்.

D-ஐக் கையில் பிடித்துப் பார்க்க எனக்குப் பிடித்த எடுத்துக்காட்டு, அலகுச் சதுரத்தின் மேல் f(x, y) = x + y. களம் இம்முறை சதுரம், அதில் குறையில்லை. விளிம்பு அடர்த்திகள் x + ½, y + ½. கழித்துச் சுருக்கினால் D = −(x − ½)(y − ½) என்று வருகிறது. இது எங்கும் சூனியமன்று. ஆகவே மாறிகள் சார்ந்தவை. ஆனால் (½, ¼) என்ற புள்ளியைச் சோதனைக்கு எடுத்தவரின் நிலையை எண்ணிப் பாருங்கள்: கூட்டு அடர்த்தி ¾, பெருக்கற்பலனும் ¾. அடுத்ததாக (½, 0.9) என்று எடுத்தாலும் இரண்டும் 1.4 என்று ஒத்துப்போகும். x = ½, y = ½ என்ற இரண்டு கோடுகளின் மேல் எங்கே பார்த்தாலும் சமன்பாடு பொருந்துகிறது. சாராமையை மறுக்க முறிந்த ஓர் இடம் போதும்; நிறுவுவதற்குப் பொருந்திய புள்ளிகள் எத்தனை இருந்தாலும் போதாது. இங்கே உடன்மாறுபாடு −(1/12)², அதாவது −1/144, ஒட்டுறவுக்கெழு −1/11. சார்ந்திருத்தல் உண்டு, ஆனால் மெல்லியது.

இனி உடன்மாறுபாடு முற்றிலும் மௌனமாகிவிடும் இடத்தைக் காண்போம். ஆரம் 1 உடைய வட்டத்தட்டின் மேல் (X, Y) சீராகப் பரவியிருக்கிறது; f = 1/π. சமச்சீரினால் E(X), E(Y), E(XY) மூன்றும் சூனியம், உடன்மாறுபாடும் சூனியம். விளிம்பு அடர்த்தி f_X(x) = 2√(1 − x²)/π; Y-க்கும் அதே வடிவம். (0.9, 0.9) என்ற புள்ளியில் இரண்டு விளிம்பு அடர்த்திகளும் ஏறத்தாழ 0.28, பெருக்கற்பலன் சூனியமன்று. புள்ளியோ வட்டத்துக்கு வெளியே. கூட்டு அடர்த்தி சூனியம். மீண்டும் களமே உண்மையைச் சொல்கிறது. X = 0.9 எனத் தெரிந்தால் Y, −0.44-க்கும் 0.44-க்கும் இடையில் அடைபட்டுவிடுகிறது; X = 0 எனத் தெரிந்தால் −1 முதல் 1 வரை தாராளமாக உலவுகிறது. Y-இன் சராசரி எந்த x-க்கும் சூனியமாகவே இருப்பதால் உடன்மாறுபாட்டுக்கு இது தென்படவில்லை. மாறுவது Y-இன் பரவல் அகலம்.

அகலம் மாறுகிறது என்று ஊகித்துவிட்டால், அதைப் பிடிக்கும் வழியும் கிடைத்துவிடும்: வர்க்கங்களைப் பாருங்கள். E(X²) = E(Y²) = 1/4. துருவ ஆயங்களில் தொகையிட்டால் E(X²Y²) = 1/24. ஆகவே Cov(X², Y²) = 1/24 − 1/16 = −1/48. X², Y² ஒவ்வொன்றின் பரவற்படியும் 1/16. எனவே அவற்றின் ஒட்டுறவுக்கெழு −1/3. X-க்கும் Y-க்கும் இடையே சூனியமாக இருந்த அளவு, வர்க்கங்களுக்கிடையே மூன்றில் ஒரு பங்காக எழுந்து நிற்கிறது. X, Y சாராதவையாக இருந்திருந்தால், அவற்றின் எந்தச் சார்புகளை எடுத்தாலும் உடன்மாறுபாடு சூனியமாகவே இருந்திருக்க வேண்டும். தரவுகளைக் கையாள்பவர்கள் ஒட்டுறவுக்கெழு சூனியத்தை ஒட்டி வந்தவுடன் நின்றுவிடாமல், புள்ளிகளை வரைந்து பார்த்து, வர்க்கங்களையும் ஒருமுறை சோதிப்பது இந்தக் காரணத்தால்தான்.

"இயல்நிலைப் பரவலில் உடன்மாறுபாடு சூனியமானால் சாராமை உறுதி என்று படித்திருக்கிறோமே" என்ற கேள்வி எப்போதும் எழும். அது உண்மை, ஆனால் X-உம் Y-உம் சேர்ந்து இருமாறி இயல்நிலைப் பரவலைப் பின்பற்றும்போது மட்டுமே உண்மை. அங்கே அடுக்கில் x-ஐயும் y-ஐயும் இணைக்கும் ஒரே உறுப்பு xy-ஐக் கொண்டது. அதன் கெழு ஒட்டுறவுக்கெழுவோடு சேர்ந்து சூனியமாகிறது. களமோ தளம் முழுவதும். விளிம்புகள் தனித்தனியே இயல்நிலையில் இருப்பது மட்டும் போதாது. ஏனெனில் ஒரே விளிம்புகளுக்குள் பலவிதமான கூட்டு அடர்த்திகள் அடங்கும்: சாராத இரு திட்ட இயல்நிலை மாறிகளின் கூட்டு அடர்த்தியை எடுத்து, x, y இரண்டும் ஒரே குறியுடைய இரண்டு கால்பகுதிகளில் அதை இரட்டிப்பாக்கி, மற்ற இரண்டில் சூனியமாக்கிப் பாருங்கள்; விளிம்புகள் சற்றும் மாறாமல் திட்ட இயல்நிலையாகவே நிற்கும், ஒட்டுறவுக்கெழு மட்டும் சூனியத்திலிருந்து 2/π-க்கு உயர்ந்துவிடும்.