ஒரே விடுப்புக்கு இரண்டு கழிவு

நேயர்களுக்கு வணக்கம். பல வருடம் சம்பளப் பிரிவில் வேலை பார்த்தவன் நான். சம்பளமில்லா விடுப்பு எடுத்தவர்களுக்கு அந்த மாதங்களுக்கு ஏற்ப போனஸைக் குறைப்பார்கள். குறைப்பதில் எனக்கு வருத்தமில்லை. ஒரே விடுப்புக்கு இரண்டு முறை குறைப்பார்கள் பாருங்கள், அதைத்தான் என்னால் பொறுக்க முடிவதில்லை.

என்னோடு வேலை பார்த்த ஓர் அம்மா, தாயாரைக் கவனித்துக்கொள்ள மூன்று மாதம் சம்பளமில்லாமல் விடுப்பில் போனார். போனஸ் வந்த அன்று சீட்டைக் கொண்டுவந்து, "சார், மூன்று மாதத்துக்கு இவ்வளவா போகும்?" என்று கேட்டார். எனக்கும் முதலில் பிடிபடவில்லை.

மனக்கணக்காகவே பார்க்கலாம். மாதச் சம்பளம் 1,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கு 12,000. போனஸ் அதில் பத்து சதவீதம் என்றால் 1,200. அதாவது மாதத்துக்கு நூறு. மூன்று மாதம் வராதவருக்கு முந்நூறு குறைந்து, 900 வர வேண்டும். அந்த அம்மாவுக்கு வந்தது 675!

எப்படி? எங்கள் விதி, 'அந்த ஆண்டில் வாங்கிய சம்பளத்தில் பத்து சதவீதம்' என்றது. அவர் வாங்கியது ஒன்பது மாதச் சம்பளம், 9,000. அதில் பத்து சதவீதம் 900. விடுப்பு அங்கேயே கழிந்துவிட்டது. ஆனால் கணக்குத் தாளில் இன்னொரு கட்டம் இருந்தது: வேலை செய்த மாதம் ஒன்பது, அதைப் பன்னிரண்டால் வகுத்துப் பெருக்கு என்று. முன்பு போனஸை முழு வருடச் சம்பளத்தில் கணக்கிட்ட காலத்தில் அந்தக் கட்டம் தேவைப்பட்டது. விதி மாறியது, கட்டத்தை யாரும் எடுக்கவில்லை. விடுப்பே எடுக்காதவருக்குப் பன்னிரண்டில் பன்னிரண்டு, தொகை மாறாது. அதனால் தப்பு வெளியே தெரியவே இல்லை.

திரும்பவும் சொல்கிறேன். முழுச் சம்பளத்தில் கணக்கிட்டால் மாதக் கணக்கால் குறைக்க வேண்டும். வாங்கிய சம்பளத்தில் கணக்கிட்டால் அப்புறம் குறைக்கவே கூடாது. உங்கள் முழு போனஸைப் பன்னிரண்டால் வகுத்து, விடுப்பில் இருந்த மாதங்களால் பெருக்குங்கள். அதைவிட அதிகமாகக் குறைந்திருந்தால், எந்தச் சம்பளத்தை வைத்துக் கணக்கிட்டார்கள் என்று கேளுங்கள். அந்த அம்மா கேட்டதால்தான் மீதி 225 அவருக்கு வந்தது. அவரைப் போலவே விடுப்பு எடுத்த மற்றவர்களின் கணக்கையும் திருத்தினோம்.

நேரம் முடியப்போகிறது என்று சைகை காட்டுகிறார்கள். இன்னொன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். முப்பது நாள் மாதத்தில் 20ஆம் தேதி போய், அடுத்த மாதம் 10ஆம் தேதி வரை விடுப்பு என்றால் மொத்தம் 21 நாள்தான். 'விடுப்பு தொட்ட மாதம் கணக்கில் வராது' என்று விதி இருந்தால் இரண்டு மாதம் போய்விடும். நாள் கணக்கில் சுமார் 69 குறைய வேண்டிய இடத்தில் 200 குறையும். விடுப்புக்கு எழுதிக் கொடுக்கும் முன்பே, நாளாக எண்ணுவார்களா மாதமாக எண்ணுவார்களா என்று கேட்டுவிடுங்கள். நன்றி, வணக்கம்.