டைம்ஷீட்ல காணாமப் போன 80 நிமிஷம்

வணக்கம் மக்களே. இன்னைக்கும் அதே பென்சில், அதே கோடு போட்ட நோட்டு. கால்குலேட்டர் கிடையாது, உங்களுக்கே தெரியும்.

இன்னைக்கு வீடியோ போடக் காரணம் ஒரே ஒரு எண். 38.05. நம்மள பாக்குற ஒருத்தர் ஒரு வாரத்து டைம்ஷீட்டை அனுப்பி, "மொத்தம் சரியா?"ன்னு கேட்டிருக்காரு. தப்புங்க. அதுவும் கொஞ்ச நஞ்சம் இல்ல, 1 மணி 20 நிமிஷம் குறையுது! உழைச்ச நேரம் அது.

அவர் எழுதியிருக்கிறதைப் படிக்கிறேன். திங்கள் 7.55, செவ்வாய் 8.20, புதன் 7.48, வியாழன் 8.37, வெள்ளி 6.45. எல்லாம் மணியும் நிமிஷமும்தான், நடுவுல மட்டும் ஒத்தைப் புள்ளி. இந்தப் புள்ளியைப் பார்த்தாலே எனக்கு எரியுது, பழைய வீடியோக்கள்லயும் இதுக்காகக் கத்தியிருக்கேன். புள்ளி வச்சதும் கை தானா தசமக் கூட்டல் போட்டுடும். நிமிஷம் 100 சேர்ந்ததும் மேல 1 ஏத்திடும். ஆனா நிமிஷத்துக்கு 60லயே ஏத்தணும். இன்னொரு தொல்லையும் இருக்கு. 8.5ன்னு எழுதினா அது எட்டரை மணியா, 8 மணி 5 நிமிஷமா, 8 மணி 50 நிமிஷமா? எழுதினவருக்கே மறுநாள் தெரியாது. அதனால மேல ஒண்ணு கீழ ஒண்ணுன்னு ரெண்டு புள்ளி, 8:05. நிமிஷம் ஒத்தை இலக்கமா இருந்தா முன்னாடி ஒரு சைபர் கட்டாயம்.

சரி, கூட்டுவோம். மணியைத் தனியா ஒரு வரிசை, நிமிஷத்தைத் தனியா ஒரு வரிசை, நடுவுல நீளமா ஒரு கோடு. மணி வரிசை சுலபம். 7, 8, 7, 8, 6. மொத்தம் 36. அதை அப்படியே விட்டுட்டு நிமிஷத்துக்கு வாங்க.

நிமிஷத்தை மொத்தமாக் கூட்டி 60ஆல வகுக்கலாம். 55, 20, 48, 37, 45, கூட்டினா 205. மூணு அறுபது 180, மிச்சம் 25. சரியா வரும், ஆனா எனக்குப் பிடிக்காது. பெரிய எண்ணை மனசுல தூக்கிட்டுப் போகணும், நடுவுல யாராவது கூப்பிட்டா போச்சு. என் வழி, 60 தாண்டுற இடத்துலயே அதைக் கழிச்சுட்டு ஓரத்துல ஒரு குச்சிக் கோடு போடுறது.

பாருங்க. 55ம் 20ம் 75. அறுபது போச்சு, செவ்வாய்க்குப் பக்கத்துல ஒரு கோடு, கையில 15. 15ம் 48ம் 63. இன்னொரு கோடு, கையில 3. 3ம் 37ம் 40, தாண்டல, கோடு இல்ல. 40ம் 45ம் 85. இன்னொரு கோடு, கையில 25. கோட்டை எண்ணுங்க, மூணு. 36ம் 3ம் 39. விடை 39:25. கையில எப்பவுமே 60க்குக் குறைவான எண்தான் இருக்கும். கோடு எந்த நாளுக்குப் பக்கத்துல விழுந்திருக்குன்னு தெரியறதால, சந்தேகம் வந்தா அந்த நாள்லேர்ந்து மறுபடி தொடங்கலாம், திங்கள்கிழமைக்கு ஓட வேண்டாம்.

இப்ப அந்த 80 நிமிஷம் எங்க போச்சு? இதைச் சொல்லத்தான் நேத்துலேர்ந்து துடிச்சுட்டிருக்கேன். அவர் 205ஐ 2 மணி 5 நிமிஷம்னு எடுத்திருக்காரு. 60க்குப் பதிலா 100 கொடுத்து ஒரு மணி வாங்கினா, ஒவ்வொரு தடவையும் 40 நிமிஷம் நஷ்டம். ரெண்டு தடவை ஏத்தியிருக்காரு, 80 நிமிஷம் போச்சு. அப்ப அந்தத் தப்பு விடையை அழிக்காமலே சரி பண்ணலாம்! 38.05ல 80 நிமிஷம் சேருங்க, 38:85. 85 இன்னும் 60க்கு மேல இருக்கு, அதுல 60 எடுத்து ஒரு மணி ஆக்குங்க, 39:25. அந்தக் கடைசிப் படியைத்தான் நிறைய பேர் விட்டுடுவாங்க. நிமிஷ இடத்துல 60ஓ அதுக்கு மேலயோ நின்னா வேலை முடியலைன்னு அர்த்தம்.

ஐயோ, ஒண்ணு விட்டுட்டேன். இதுக்கெல்லாம் முன்னாடி ஒரு படி இருக்கு. அந்த 7:48 எங்கேர்ந்து வந்துச்சு? புதன்கிழமை உள்ள வந்தது 9:12, வெளிய போனது சாயங்காலம் 5:40, நடுவுல இடைவேளை 40 நிமிஷம். இதை ஒண்ணுக்குக் கீழ ஒண்ணு எழுதிக் கழிக்காதீங்க. 12 மணியைத் தாண்டுது, கடன் வாங்கணும், அங்கேயும் கை 60க்குப் பதிலா 100 கடன் வாங்கும். கழிக்காம நடந்து போங்க. 9:12லேர்ந்து 10 மணி வரைக்கும் 48 நிமிஷம். 10லேர்ந்து 5 வரைக்கும் முழுசா 7 மணி நேரம். அதுக்கு மேல 40 நிமிஷம். ஆக 7 மணி 88 நிமிஷம்.

இந்த 88ஐ உடனே 8:28ன்னு மாத்தாதீங்க! இடைவேளையைக் கழிச்சு முடிக்கிற வரைக்கும் அப்படியே வைங்க. 88ல 40 போனா 48, விடை 7:48, கடனே வாங்கல. 8:28ன்னு மாத்தியிருந்தா 28லேர்ந்து 40ஐக் கழிக்க முடியாம 8ஐ உடைச்சு மறுபடி 88க்கே வந்திருப்பீங்க.

அடுத்து சரிபார்க்கிறது. அதே கூட்டலை மேலேர்ந்து கீழ மறுபடி போட்டா அதே தப்பு மறுபடி வரும், அதனால வேற பாதையில போகணும். 7:55ன்னா 8 மணிக்கு 5 குறைவு. 7:48, 8க்கு 12 குறைவு. 6:45, 7க்கு 15 குறைவு. 8:20ம் 8:37ம் அப்படியே, 8க்கு மேல 20ம் 37ம். முழு மணி 8, 8, 8, 8, 7, மொத்தம் 39. அதிகம் 57, குறைவு 32, வித்தியாசம் 25. 39:25. ரெண்டு பாதையும் ஒரே வாசல்ல வந்து நின்னா எனக்கு அன்னைக்குத் திருவிழாதான்.

கடைசியா, சம்பளக் கணக்குக்குத் தசமத்துல கேக்குற படிவங்கள் இருக்கு. அங்க 39.25ன்னு எழுதிடாதீங்க, அது 39 மணி 15 நிமிஷம் ஆயிடும். 6 நிமிஷம்னா 0.1 மணி, இது ஒண்ணு மனசுல இருந்தா போதும். 25ல நாலு ஆறு 24, அது 0.4. மிச்சம் ஒரு நிமிஷம், 0.02ஐ விடக் கொஞ்சம் குறைவு. ரெண்டு இலக்கத்துக்கு முழுமையாக்கினா 39.42.

மாத்துறதை வார மொத்தத்துக்கு ஒரே தடவை செய்யுங்க, நாளுக்கு நாள் வேண்டாம். அஞ்சு நாளும் 8:20ன்னு வைங்க. தினமும் 8.33ன்னு மாத்திக் கூட்டினா 41.65. நிமிஷமாவே கூட்டினா 41:40, மாத்தினா 41.67. ஒவ்வொரு நாளும் வெட்டி எறிஞ்ச துணுக்குதான் அந்த 0.02. இவரோட வாரத்துல ரெண்டு வழியிலயும் 39.42தான் வருது, நானும் போட்டுப் பார்த்தேன், ஆனா அது செவ்வாய்க்கிழமை வெட்டினதும் திங்கள்கிழமை கூட்டினதும் ஒண்ணையொண்ணு அடிச்சுக்கிட்டதால. அடுத்த வாரமும் அப்படி அமையும்னு சொல்ல முடியாது.

அனுப்பினவரே, உங்க தாள்ல 38.05ஐ ஒரு கோட்டால அடிச்சுட்டு, பக்கத்துல 39:25ன்னு எழுதுங்க. ரெண்டு புள்ளி வச்சு!